சட்டமாணி முடித்தாயிற்று, எந்தக் கோர்ட்டில் எழுந்து நிற்கலாம்?

வாசகி கடிதம்

"வணக்கம் சேர். நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 27. திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் முடித்துவிட்டேன். தமிழ்நாட்டில் கூடலூரில் இருக்கும் மாமா மகன் வக்கீல். பார் கவுன்சிலில் பதிந்துவிட்டு இரண்டு வருடத்துக்குள் ஒரு பரீட்சை எழுதினால் போதும், பிறகு எந்தக் கோர்ட்டிலும் வாதாடலாம் என்கிறார். இங்கே தெரிந்தவர்களோ, முதல் சில வருடம் நீதவான் நீதிமன்றம் மட்டும்தான், மேல் நீதிமன்றத்துக்குப் பிறகுதான் போகலாம் என்கிறார்கள். நுழைவுப் பரீட்சைக்கு என்று கண்டியில் ஒரு வகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. அது பிரச்சினையாகுமா? இன்னொன்று, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் சித்தப்பாவை நாலு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். நான் சட்டத்தரணியானதும் அவருடைய கேஸை நானே பேசுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?"

பதில்

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது காத்திருக்காது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க, நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். சித்தப்பாவுக்கு நாலு மாதம் போய்விட்டது. நீங்கள் சட்டத்தரணியாக இன்னும் ஒன்றரை, இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை அவர் உங்களுக்காகக் காத்திருந்தால், வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படாமலே முடிந்துவிடும்.

நீங்கள் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி தொழிலாளி தானே விண்ணப்பிக்கலாம், அல்லது அவர் உறுப்பினராக இருக்கும் தொழிற்சங்கம் அவருக்காக விண்ணப்பிக்கலாம். விசாரணையில் சட்டத்தரணி மட்டுமல்ல, சங்கத்தின் பிரதிநிதியும் அவருக்காகப் பேசலாம். மலையகத்தில் எத்தனையோ வழக்குகளைச் சங்கத்து ஆட்கள்தான் நடத்தி வந்திருக்கிறார்கள். ஆகவே சித்தப்பா சந்தா கட்டும் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு இந்த வாரமே போங்கள். சங்கத்தின் பொறுப்பாளரோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுத உதவுங்கள். சட்டம் படித்த உங்களால் அது நன்றாகவே முடியும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பதிவாகும் முன் எந்தத் தாளிலும், யாரிடமும் உங்களைச் சட்டத்தரணி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். நாளை நீங்கள் பதிவுக்கு நிற்கும்போது அது உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிர்வாகம் 'ஆமாம், நிறுத்தினோம்' என்று ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினோம் என்று சாட்சி சொல்லி நியாயப்படுத்த வேண்டியது அவர்கள்தான். 'நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் வேலைக்கு வராமல் விட்டுவிட்டார்' என்று சொன்னால் கதை மாறிவிடும். நிறுத்தினார்கள் என்பதைச் சித்தப்பாதான் முதலில் நிரூபிக்க வேண்டும். கடிதம் கொடுக்காமல் வாயால் 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்லி அனுப்பும் தோட்டங்களில் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அதனால் அவர் வேலைக்குத் திரும்பப் போனதற்கு ஏதாவது எழுத்து வேண்டும். துரைக்குப் பதிவுத் தபாலில் போட்ட கடிதம், தொழில் திணைக்களத்தில் கொடுத்த முறைப்பாடு, எதுவானாலும் சரி. இல்லையென்றால் இன்றே ஒன்றை எழுதிப் போடுங்கள்.

கூடலூர் வழியும் நம் வழியும்

மாமா மகன் சொன்னது பொய் இல்லை. அவர் நாட்டுக்கு அதுதான் சரி. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பட்டதாரி மாநில பார் கவுன்சிலில் பதிகிறார். அதற்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு. 2011 இல் முதலில் நடந்த அந்தத் தேர்வு, பதிந்தவர் தொடர்ந்து தொழில் செய்வதற்கான சான்றிதழைத் தருகிறது. பதிவு முன்னால், பரீட்சை பின்னால். தேர்வு முடிந்தால் நாடு முழுக்க எந்தக் கோர்ட்டிலும் நிற்கலாம். ஆனால் அங்கேயும் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்ய, தனிப் பரீட்சை எழுதிப் பதிந்த வழக்கறிஞர்கள் மட்டும்தான் முடியும்.

நம் இலங்கையில் வரிசை நேரெதிர். பரீட்சை எல்லாம் முன்னால், பதிவு கடைசியில். பதிவு செய்வது சட்டத்தரணிகள் சங்கம் இல்லை, உயர் நீதிமன்றம். 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40 ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை நேராக உயர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. பெயரை நீக்கும் அதிகாரமும் அதே இடத்தில்தான். சட்டத்தரணிகள் சங்கத்தில் சேர்வது அதற்குப் பிறகு நடக்கும் வேறு விஷயம்.

இரண்டு நாட்டிலும் தமிழ் பேசுவதால் வரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமா மகன் 'உயர் நீதிமன்றம்' என்றால் சென்னையில் இருப்பது. அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நாம் 'உயர் நீதிமன்றம்' என்றால் கொழும்பு புதுக்கடையில் இருப்பது, அதற்கு மேலே எதுவும் இல்லை. அவர்களுடைய உயர் நீதிமன்றத்துக்கு நிகரான சொல் நம்மிடம் 'மேல் நீதிமன்றம்' என்பது மாதிரித் தெரிந்தாலும், நம் மேல் நீதிமன்றத்தின் வேலை வேறு. தொலைபேசியில் இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு கோர்ட்டைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

வகுப்புக்குக் கட்டிய பணம்

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை பட்டம் இல்லாமல் உயர்தரத்தோடு வருகிறவர்களுக்கு உரியது. மொழி ஒரு தாள், பொது அறிவும் நுண்ணறிவும் ஒரு தாள். போட்டிப் பரீட்சை. திறந்த பல்கலைக்கழகம், கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகியவற்றின் சட்டமாணிக்காரர்கள் அதை எழுதத் தேவையில்லை. பட்டத்தைக் காட்டி நேராகப் பதியலாம். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் நுழைவுப் பரீட்சை இல்லை என்பதால் பரீட்சையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப வருடங்களின் பெரும்பாலான பாடங்களுக்கு விலக்குக் கிடைத்தாலும், சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையை நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். அதோடு செயன்முறைப் பயிற்சி உண்டு. ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிலுனராகவும் இருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பஸ் காசும் கறுப்புக் கோட்டும் உங்கள் செலவுதான்.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு பயம் ஊரில் இருக்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 இல் ஓர் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தது. 2023 இல் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. அதனால் தமிழில் படித்தது வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கிலம் வேறு ஓர் இடத்தில் தேவைப்படும், அதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் தம்பி, தங்கை யாராவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை இங்கே உள்ள தனியார் நிறுவனத்தில் படிக்க நினைத்தால், இதே கணக்கு அவர்களுக்கு ஓடாது. சட்டக் கல்விப் பேரவை அந்தப் பட்டத்தை ஏற்கிறதா, என்ன நிபந்தனையில் ஏற்கிறது என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். நிறுவனத்தின் விளம்பரத் தாள் அதற்கு ஈடாகாது.

எந்தக் கோர்ட், எதுவரை

'முதலில் நீதவான் நீதிமன்றம் மட்டும்' என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. நீதித்துறைச் சட்டத்தின் 41 ஆவது பிரிவு, பதிவான ஒவ்வொரு சட்டத்தரணியும் நீதி நிருவாகத்துக்காகச் சட்டத்தால் நிறுவப்பட்ட எல்லா நீதிமன்றங்களிலும் தோன்றலாம், வாதாடலாம், செயற்படலாம் என்கிறது. காலையில் சத்தியப் பிரமாணம் செய்தவர் மதியம் அதே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றில் எழுந்து நிற்கலாம். ஆட்கள் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்தில் தொடங்குவது அங்கே வேலை அதிகம், கற்றுக்கொள்வதும் அதிகம் என்பதால். அது பழக்கம், விதி இல்லை.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? முன்பு நம் நாட்டில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். புரொக்டர் கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கைத் தாக்கல் செய்வார். அட்வகேட் எழுந்து வாதாடுவார். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 இலிருந்து இரண்டையும் ஒன்றாக்கி 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயரை வைத்தது. வயதானவர்கள் வாயில் பழைய பிரிவு இன்னும் ஓடுகிறது. பெயர்தான் போனது, வேலைப் பிரிவு முழுசாகப் போகவில்லை. நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

குடியியல் வழக்கில் கட்சிக்காரர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் அதிகாரப் பத்திரமான பிரொக்சியைக் கோர்ட்டில் போட்டவர்தான் அந்த வழக்கில் 'பதிவுசெய்த சட்டத்தரணி'. பத்திரங்களில் கையொப்பம் போடுவதும், தாக்கல் செய்வதும், அறிவித்தல்களைப் பெறுவதும் அவர். வாதாட அவர் வேறு ஒருவரைக் கவுன்சலாக அழைக்கலாம். கவுன்சல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பதிவுசெய்த சட்டத்தரணிக்குப் பதிலாகக் கையொப்பமிட முடியாது.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் கண்ணால் பார்த்தது. ஒரு காணி எல்லை வழக்கு, மாவட்ட நீதிமன்றத்தில் எங்கள் பக்கம் தோற்றது. மேன்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்பிலிருந்து 14 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிரொக்சி போட்டிருந்தவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நாள் போகிறதே என்று வழக்கை வாதாடிய கவுன்சலே அறிவித்தலில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். அதைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போனவன் நான். நேரத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையாக அதையே எடுத்தது, மேன்முறையீடு தள்ளுபடியானது. அந்த அம்மா முப்பது வருடம் கொத்திய காணி, வாதம் ஒன்றையும் யாரும் கேட்காமலே போனது. செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. பழைய பிரொக்சியை முறைப்படி நீக்கச் செய்து, புதியதை அந்த அம்மாவின் கையொப்பத்தோடு போட்டு, பிறகு அறிவித்தலைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு நாளில் முடிந்திருக்கும். உங்களிடம் யாராவது பாதியில் வழக்கைக் கொண்டுவந்தால் முதலில் வழக்கேட்டைப் பார்த்து, பிரொக்சி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இதை வைத்துச் சித்தப்பாவின் வழக்கை ஒரு தடவை நடத்திப் பாருங்கள். தொழில் நியாயசபையில் சங்கப் பிரதிநிதி பேசலாம். உத்தரவு எதிராக வந்தால், 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கே சட்டப் பிரச்சினையை மட்டும்தான் எடுக்க முடியும், வாதாடச் சட்டத்தரணி வேண்டும். அதற்கு மேலே, அனுமதி கிடைத்தால், உயர் நீதிமன்றம். வழக்கு அந்த உயரத்துக்குப் போகிற காலத்தில் நீங்கள் பதிவாகியிருப்பீர்கள். அப்போது நீங்களே நிற்கலாம். இன்று நியாயசபையில் சாட்சியம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால்தான் அன்று வாதாட ஏதாவது இருக்கும்.

எல்லாக் கோர்ட்டிலும் நிற்கலாம் என்ற சட்டத்தரணிக்கும் கதவு மூடிய இடங்கள் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குக் கட்சிக்காரர்தான் போக வேண்டும், அவருக்காக நாம் பேச முடியாது. காதி நீதிமன்றத்திலும் அப்படித்தான். காணி உறுதி எழுதுவதும் சட்டத்தரணிப் பதிவோடு தானாக வருவதில்லை. அதற்கு நொத்தாரிசாகத் தனி ஆணைப்பத்திரம் எடுக்க வேண்டும். எந்தப் பிரதேசம், எந்த மொழி என்று அதில் எழுதியிருக்கும்.

மொழி என்ற இன்னொரு எல்லை

அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சிங்களம், தமிழ் இரண்டையும் நீதிமன்ற மொழி என்கிறது. ஆனால் வடக்கு, கிழக்குக்கு வெளியே பதிவேடு ஓடுவது சிங்களத்தில். ஹட்டனும் நுவரெலியாவும் கண்டியும் அதற்குள்தான். அங்கேயும் கட்சிக்காரரோ அவருடைய சட்டத்தரணியோ தமிழில் வழக்குத் தொடரலாம், தமிழில் பத்திரங்கள் கொடுக்கலாம், தமிழில் பேசலாம். மொழிபெயர்ப்பு அரசின் செலவு. இந்த உரிமை சட்டத்தரணிக்கும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

உரிமை இருந்தாலும் குறுக்கு விசாரணை மொழிபெயர்ப்பில் நசுங்கிப் போகும். ஒரு சாட்சி 'அன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க' என்கிறார் என்று வையுங்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு அது அரைநாள் சம்பளம் என்று தெரியும். தெரியாத மொழிபெயர்ப்பாளர் 'பெயரில் பாதியை எழுதினார்கள்' என்று சிங்களத்தில் சொன்னால் பதிவேட்டில் அதுதான் நிற்கும், மேன்முறையீட்டில் அதைத்தான் படிப்பார்கள். அந்த நொடியிலேயே எழுந்து 'மொழிபெயர்ப்பு தவறு' என்று சொல்ல உங்களுக்குச் சிங்களம் காதில் விழ வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் பத்திரங்கள் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. ஆங்கிலம் தேவைப்படுவது அங்கே. பயிலுனர் காலத்துக்கு மூத்தவரைத் தேடும்போதும் இதை மனதில் வையுங்கள். கொழும்பில் பெரிய பெயரைத் தேடுவதைவிட, பிரொக்சி போட்டுத் தானே வழக்கை நடத்தவும் செய்கிற, மூன்று மொழியும் புழங்குகிற மலையகச் சட்டத்தரணி ஒருவரிடம் நீங்கள் அதிகம் கற்பீர்கள் என்பது என் எண்ணம்.

பெயர் விஷயம்

ஆம், பிரச்சினையாகும். நம் தோட்டங்களில் பிறப்பைப் பதியச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், எழுதிய மொழி மூன்றாவது. எத்தனையோ பேருக்கு இதே கதை. உயர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், சட்டக் கல்லூரிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ்கள், சத்தியக் கடதாசி எல்லாம் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். கடைசி மாதத்தில் இதைக் கண்டுபிடித்தால், உங்களோடு படித்தவர்கள் பிரமாணம் செய்யும் நாளில் நீங்கள் பதிவாளர் காரியாலயத்தில் வரிசையில் நிற்பீர்கள்.

சட்டக் கல்லூரியில் பதிவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பாருங்கள். பெரும்பாலும் பிறப்புப் பதிவில் பெயரை மாற்றுவதற்கான பிரகடனம் கொடுத்து, பாடசாலை ஆவணங்களையும் ஞானஸ்நானச் சான்றிதழ் போன்ற பழைய தாள்களையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும்போது, பட்டச் சான்றிதழில் உள்ளதைப் பாருங்கள். மாற்றக் கடினமானது அது. மற்றதை அதற்கு ஒப்பாக்குவது சுலபம். பிறகு அந்த ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் விடாமல் பயன்படுத்துங்கள்.

சித்தப்பாவிடம் நிறுத்தல் கடிதம் இருந்தால் அதில் உள்ள திகதியை இன்று இரவே பாருங்கள். கடிதம் இல்லையென்றால், கடைசியாக அவருக்குப் பேர் போட்ட நாளை செக்றோலிலும் சம்பளச் சீட்டிலும் தேடுங்கள். அந்த நாளிலிருந்து ஆறு மாதத்தை எண்ணிக் கலண்டரில் குறித்துவிட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பாகவே விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.